முகத்தை மறைத்துவிட்டால் போதுமா?

மலையகத்தில் ஒரு மண்சரிவு. அதன் இரண்டாம் நாள் இரவு, கொழும்பில் நான் வேலை பார்க்கும் தமிழ் நாளிதழில் வெளிமாவட்டப் பதிப்பு அச்சுக்குப் போக இன்னும் முக்கால் மணி நேரம் இருந்தது. முதற்பக்கத்தின் நடுவே நான்கு பத்தி அகலத்துக்கு ஓர் இடம் வெறுமையாகக் கிடந்தது. படப்பிடிப்பாளர் அனுப்பிய அறுபது சொச்சம் படங்களில் நான்கையும் வெளியிலிருந்து வந்த ஒன்றையும் மட்டும் திரையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

முதற்படத்தில், சேற்றிலிருந்து அப்போதுதான் எடுக்கப்பட்ட ஒரு பெண். முகம் முழுவதும் தெரிகிறது, வாய்க்குள் மண். இரண்டாவது அதே பெண்ணைப் பக்கவாட்டிலிருந்து எடுத்தது. முகம் படத்துக்குள் வரவில்லை. ஒரு கை, அதில் இரண்டு பச்சைக் கண்ணாடி வளையல்கள், மஞ்சள் சேலையின் சிவப்புக் கரை. மூன்றாவது, தோட்டப் பாடசாலை மண்டபத்தில் வெள்ளைத் துணி போர்த்தி வரிசையாகக் கிடத்திய உடல்கள், ஓரத்தில் குந்தியிருக்கும் ஒரு முதியவர். நான்காவதில் உடல் எதுவும் இல்லை. பெக்கோ இயந்திரம் மேலே ஏற முடியாமல் நிற்க, படையினரும் ஊர் இளைஞர்களும் வெறுங்கையால் மண்ணை அள்ளுகிறார்கள். ஐந்தாவது எங்கள் படமே அல்ல. இறந்ததாகச் சொல்லப்பட்ட ஒரு மாணவி பாடசாலை விழாவில் சிரித்துக்கொண்டு நிற்கும் படம், யாரோ வாட்ஸ்அப்பில் அனுப்பியது.

வெளியிடலாமா, கூடாதா என்று யாராவது கேட்டால் நான் முதலில் கேட்பது எந்தப் படம் என்பதைத்தான். ஐந்தும் ஒரே நிகழ்வின் படங்கள், ஆனால் ஒவ்வொன்றும் வேறொரு வேலையைச் செய்கிறது, வேறொரு ஆளைத் தாக்குகிறது.

முகம் தெரியும் முதற்படத்தைத் தள்ளிவைக்க எனக்கு அரை நிமிடமும் ஆகவில்லை. இறந்தவரின் வீட்டாருக்குச் செய்தி போய்ச் சேருவதற்கு முன் எங்கள் பத்திரிகை போய்ச் சேர்ந்துவிடும். மலையகத் தோட்டம் ஒன்றில் மண் சரிந்தால் அந்தத் தோட்டத்தின் பாதிப் பிள்ளைகள் கொழும்பில்தான் இருக்கிறார்கள். புறக்கோட்டைத் துணிக்கடைகளில், ஐந்துலாம்புச் சந்திப் பலசரக்குக் கடைகளில், சாப்பாட்டுக் கடைகளின் பின்கட்டில், யார் யாருடையவோ வீட்டுச் சமையலறைகளில். சந்தியிலுள்ள கடையில் பத்திரிகையை மடித்துக் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கவிடுகிறார்கள். மேல்பாதி மட்டும் தெரியும். காசு கொடுத்து வாங்காதவரும் பார்க்கும் பாதி அது. வெளிநாட்டுப் பத்திரிகை ஒன்று நம் ஊரில் இறந்தவரின் படத்தைப் போடும்போது, அதைப் பார்க்கும் வாசகர் அவருக்கு உறவாக இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. எங்கள் நிலை அப்படியல்ல. இறந்தவரின் தம்பி எங்கள் வாசகர்.

ஆகவே இரண்டாம் படத்தைத் தேர்ந்தேன். முகம் இல்லை, இரத்தம் இல்லை. ஒரு கையும் வளையலும் ஒரு சேலைக் கரையும் மட்டும். மேசையில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. “கவிதை மாதிரி இருக்கிறது” என்று பக்க வடிவமைப்பாளர் சொன்னார். படம் கவிதை மாதிரி இருக்கிறது என்று செய்தி அறையில் யாராவது சொன்னால் கொஞ்சம் பயப்பட வேண்டும் என்பதை நான் அப்போது அறிந்திருக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு வரவேற்பு மேசையிலிருந்து அழைப்பு. இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயது இளைஞர் ஒருவர். புறக்கோட்டையில் துணிக்கடையில் வேலை. எங்கள் பத்திரிகையை எட்டாக மடித்துச் சட்டைப் பையில் வைத்திருந்தார். மடிப்பைப் பிரித்து அந்தப் படத்தின் மேல் விரலை வைத்தார்.

“ஐயா, இந்தப் படம் முழுதாக உங்களிடம் இருக்கிறதா?”

“எதற்குத் தம்பி?”

“இது என் அக்காவின் சேலை. அம்மாவுக்குச் சொல்லிவிட்டேன்.”

அவருடைய அக்காவின் லயனுக்குத் தொலைபேசி வேலை செய்யவில்லை. அம்மா வேறொரு தோட்டத்தில். காலையில் கடை திறக்கும்போது பத்திரிகையைப் பார்த்தவர், கரையைப் பார்த்து, வளையலைப் பார்த்து, முடிவு செய்துவிட்டார்.

அவரை உள்ளே அழைத்து உட்காரவைத்து, தேநீர் வரவழைத்து, இது வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டபிறகு முதற்படத்தைத் திரையில் காட்டினேன். அப்படிக் காட்டியது சரியா என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. நீண்ட நேரம் பார்த்தார். பிறகு, “தெரியவில்லை ஐயா” என்றார். பத்தொன்பது வருடம் கூட வளர்ந்த அக்காவின் முகம் அதுவா இல்லையா என்று அவரால் சொல்ல முடியவில்லை.

மாலை நான்கு மணிக்கு அவரே தொலைபேசியில் பேசினார். அக்கா கோயில் மண்டபத்தில் மற்றவர்களோடு தங்கியிருக்கிறார், உயிரோடு இருக்கிறார். அந்தச் சேலையைக் கோயில் திருவிழாவுக்காக லயன் பெண்கள் பலர் சேர்ந்து ஒரே கடையில் எடுத்திருந்தார்களாம். ஒரு நாள் முழுக்க ஒரு தாய் தன் மகள் செத்துவிட்டாள் என்று அழுதிருக்கிறார், நாங்கள் கண்ணியம் என்று நினைத்துத் தேர்ந்த படத்தால்.

முகத்தை மறைத்தால் போதும் என்பது வெளியாருக்கான விதி என்று அன்று புரிந்தது. வெளியார் முகத்தால்தான் ஆளை அறிவார்கள். வீட்டார் காதணியால், செருப்பால், தைத்த இரவிக்கையின் கையால், கால் விரல் மெட்டியால் அறிவார்கள், அல்லது அறிந்துவிட்டதாக நினைப்பார்கள். இந்த இரண்டாவதுதான் ஆபத்து. இன்டர்போல் தன் வழிகாட்டியில் பேரனர்த்தத்தில் இறந்தவர்களை அடையாளம் காண முதன்மையானவையாகக் கொள்வது மூன்றை: கைரேகை, பல், மரபணு. உடையும் நகையும் துணைச் சான்றுகள் மட்டும். உறவினர் முகம் பார்த்துச் சொல்வதை மட்டும் நம்பக் கூடாது என்கிறது. நம் வெப்பத்தில் ஓரிரு நாளில் உடல் வீங்கி முகம் மாறிவிடும். அதிர்ச்சியில் இருப்பவர் ஒன்று இருப்பதைப் பார்க்க மறுப்பார், அல்லது இல்லாததைப் பார்த்துவிடுவார். இந்த நாட்டில் அதற்கென்று சட்ட வைத்திய அதிகாரி இருக்கிறார், மரண விசாரணை இருக்கிறது, பிரேத அறை இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு வைத்தியசாலைகளில் இறந்தவர்களின் படங்களைப் பலகையில் ஒட்டி வைத்தார்கள். தேடி வந்தவர்தான் அவற்றைப் பார்த்தார், பார்க்கப் போகிறோம் என்று மனத்தைத் திடப்படுத்திக்கொண்டு வந்து பார்த்தார். “அடையாளம் காண உதவும்” என்று சொல்லி உடல்களின் படத்தை முதற்பக்கத்தில் போடும் பத்திரிகை அந்தப் பலகையின் வேலையைச் செய்யவில்லை.

இனி மற்ற வழிகள். கட்டம் கட்டமாக மங்கலாக்குவது எங்கள் துறையில் மிகவும் பிரபலம், எனக்கு மிகவும் பிடிக்காதது. மங்கலாக்கிய இடத்துக்குத்தான் கண் முதலில் போகிறது. வாசகர் மனத்தில் அங்கே என்ன இருந்திருக்கும் என்று தானே ஒன்றை வரைந்துகொள்கிறார், அது பெரும்பாலும் உண்மையைவிடக் கோரமானது. போதாததற்கு, மங்கலாக்கல் குற்றவாளியின் முகத்துக்கும் பாலியல் வழக்கின் சிறுமிக்கும் பயன்படும் அதே குறி. அது போட்டவுடன் படத்தில் இருப்பவர் ஏதோ செய்தவர் போலாகிவிடுகிறார். மறைத்துத்தான் போட வேண்டும் என்றால் அந்தப் படம் நமக்கு வேண்டாத படம் என்பதே என் வழக்கம். வெட்டிச் சிறிதாக்குவது இதைவிட நேர்மையானது. ஆனால் இணையத்தில் அதற்கும் ஒரு பொறி உண்டு: சில மென்பொருள்களில் படத்தை வெட்டிச் சேமித்தாலும் கோப்புக்குள் பழைய சிறுபடம் அப்படியே தங்கிவிடும். வெட்டிய முகம் கோப்பின் வயிற்றுக்குள் இருக்கும், தோண்டத் தெரிந்தவர் எடுத்துவிடுவார். புதிதாக ஏற்றுமதி செய்து, உள்விவரங்களை நீக்கிய பிறகுதான் அனுப்ப வேண்டும்.

உயிரோடு இருந்தபோது எடுத்த படம் இன்னொரு வழி. நம் வாசகருக்கு இது புதிதல்ல. எந்தத் தமிழ்ப் பத்திரிகையிலும் மரண அறிவித்தல் பக்கத்தைப் பாருங்கள். தொண்ணூறு வயதில் நோயில் இறந்தவருக்கும் நாற்பது வயதில் ஸ்டுடியோவில் எடுத்த படத்தைத்தான் குடும்பம் கொடுக்கிறது. இறந்தவர் எப்படி நினைக்கப்பட வேண்டும் என்று நம் வீடுகளே வகுத்து வைத்திருக்கும் முறை அது. அதனால் ஐந்தாம் படம், அந்தச் சிரிக்கும் மாணவி, பார்த்தவுடன் சரியான தேர்வாகத் தெரியும். அதை நான் போடவில்லை. காரணம், அவள்தான் இவள் என்று யார் சொன்னார்கள் என்பதற்கு “குழுவில் வந்தது” என்பதைத் தவிர விடை இல்லை. 2019 ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகு தேடப்படுவோர் என்று பொலிஸார் வெளியிட்ட படங்களிலேயே தாக்குதலோடு சம்பந்தமே இல்லாத ஒரு அமெரிக்க இளம்பெண்ணின் படம் கலந்துவிட்டது. பிறகு தவறை ஒப்புக்கொண்டார்கள். படத்துக்கும் பெயருக்கும் முடிச்சுப் போடும் இடத்தில் அரச திணைக்களமே சறுக்கும்போது, வாட்ஸ்அப்பை நம்பி ஒரு சிறுமியைச் சாகடிக்க நான் தயாரில்லை. வீட்டார் கையால் வந்த படம், வீட்டாரின் சம்மதத்தோடு என்றால் இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் அது முதல்நாள் கிடைக்கும் படமல்ல, ஐந்தாம் நாள் கிடைக்கும் படம். ஐந்தாம் நாளில் நாங்கள் வேறு செய்திக்குப் போயிருப்போம் என்பது எங்கள் தொழிலின் வெட்கம்.

உடலே இல்லாத படம் கோழைத்தனம் என்று சிலர் சொல்வார்கள். 2004 டிசம்பர் 28 அன்று கடலூரில் ராய்ட்டருக்காக அர்கோ தத்தா எடுத்த படத்தை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். மணலில் ஒரு பெண் முகம் குப்புற விழுந்து, உள்ளங்கைகள் வானம் பார்க்க அழுகிறார். இறந்தவரின் கை மட்டும் படத்தின் ஓரத்தில் தெரிகிறது. அந்த ஆண்டின் உலகப் பத்திரிகைப் படம் என்ற பரிசு அதற்குத்தான் கிடைத்தது. அதே போல, நீர்கொழும்பு கட்டுவாப்பிட்டி தேவாலயத்தில் இரத்தம் தெறித்த கிறிஸ்து சிலையின் படம். உடல் ஏதும் காட்டாமல் அங்கே என்ன நடந்தது என்பதை அது சொல்லிவிட்டது.

இவ்வளவும் சொன்ன பிறகு, கோரப் படத்தைப் போடவே கூடாது என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். போர்க்காலத்தில் தமிழ்ப் பத்திரிகைகள் உடல்களின் படங்களைப் போட்டன. அப்போது அந்தப் படம் அலங்காரம் அல்ல, சாட்சி. நடக்கவே இல்லை என்று சொல்பவர்களுக்கு எதிரே வைப்பதற்கு வேறு ஒன்றும் இருக்கவில்லை. அந்தக் காலத்தில் பழகிய கைதான் இன்று பஸ் விபத்துக்கும் அதே அளவில் உடலைப் போடுகிறது. பழக்கம் மிஞ்சிவிட்டது, காரணம் போய்விட்டது. போபாலில் 1984இல் நச்சுவாயுவால் இறந்த குழந்தையைப் புதைக்கும்போது ரகு ராயும் பாப்லோ பார்த்தலோமியுவும் எடுத்த படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். மண்ணுக்கு மேலே தெரிவது முகம் மட்டும், மூடாத கண்கள். அதைவிடக் கொடிய படம் குறைவு. ஆனாலும் அது வெளிவந்திருக்கத்தான் வேண்டும். ஏனெனில் யார் பொறுப்பு, எவ்வளவு பேர், என்ன நஞ்சு என்பதெல்லாம் பிறகு ஆண்டுக்கணக்காக வழக்காக நீண்ட விடயங்கள், அந்த முகத்தை யாராலும் மறுக்க முடியவில்லை. அந்தக் குழந்தையின் பெயர் தெரியாது என்பதைத்தான் குறிப்பும் சொல்கிறது. உருக்கமாக ஒரு பெயரைக் கட்டிவிடவில்லை.

ஆகவே நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி: இந்தப் படம் இல்லாவிட்டால் யாராவது எதையாவது மறுக்க முடியுமா? எங்கள் மண்சரிவில் மண் சரிந்ததையோ ஆட்கள் இறந்ததையோ எவரும் மறுக்கவில்லை. கேள்விக்குரியது வேறு. அந்தச் சரிவில் வீடு இருக்கக் கூடாது என்று முன்பே சொல்லப்பட்டதா, சொன்னபின் யார் என்ன செய்தார்கள் என்பது. 2014 ஒக்டோபரில் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயன்கள் புதையுண்டபோது, 2005இலும் 2011இலும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அந்த இடத்தைப் பற்றி எச்சரித்திருந்தது என்பது பிறகு பேசப்பட்டது. அதற்குச் சான்று ஒரு கடிதத்தின் படம்தான். சேற்றுக் கையின் படம் அதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. 

இன்னொரு கேள்வியும் உண்டு, அதைக் கேட்டால் மேசையில் கொஞ்சம் அமைதி ஆகிவிடும். இதே கோணத்தில் கொழும்பு ஏழில் இறந்த ஒருவரை நாம் போடுவோமா? 2019 ஜனவரியில் நைரோபித் தாக்குதலில் இறந்தவர்கள் மேசையருகே கிடந்த படத்தை நியூயோர்க் டைம்ஸ் வெளியிட்டபோது கென்யர்கள் கேட்டதும் இதைத்தான்: உங்கள் ஊரில் இறந்தவரை இப்படிக் காட்டுவீர்களா? வெள்ளைக்காரப் பத்திரிகையைத் திட்ட அது நல்ல கேள்வி. லயன் குடும்பத்தின் உடலை நான்கு பத்தியில் போட்டுவிட்டு, கொழும்பு வர்த்தகரின் விபத்துக்கு அவருடைய கோட்டுப் போட்ட படத்தைத் தேடும் எங்களைக் கேட்கவும் அது நல்ல கேள்வி.

இப்போது படக்குறிப்பு. படத்தைத் தேர்ந்ததைவிட நான் பெரிதாகத் தவறியது இங்கேதான். அன்று அச்சில் வந்தது இது:

“மண்ணில் புதையுண்டு பலியான தாயொருவரின் கரம். உறங்கிக்கொண்டிருந்தபோதே இயற்கையின் சீற்றம் காவுகொண்டது.”

எழுதியவன் நான். ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பார்க்கிறேன். ‘தாயொருவர்’ என்று யார் சொன்னார்? எவரும் சொல்லவில்லை, வளையல் போட்ட கை என்பதால் எழுதினேன். ‘உறங்கிக்கொண்டிருந்தபோதே’ முழுக் கற்பனை. மண் சரிந்தது காலை ஏழரைக்கு, அந்தப் பெண் எடுக்கப்பட்டது தண்ணீர்க் குழாயின் அருகே என்று படப்பிடிப்பாளரின் குறிப்பிலேயே இருந்தது. நான் அதை வாசிக்கவில்லை. ‘இயற்கையின் சீற்றம்’ என்றவுடன் எச்சரிக்கை, நில அளவை, குடியமர்த்தல் எல்லாம் கேள்வியிலிருந்து விடுபட்டுவிடுகின்றன. ‘பலி’ எங்கள் தொழிலின் செல்லச் சொல். இரண்டே எழுத்து, எந்தப் பத்தி அகலத்திலும் அடங்கும். ஆனால் பலி என்பது யாரோ யாருக்கோ கொடுப்பது. ‘இறந்த’, ‘உயிரிழந்த’ என்று எழுதினால் இரண்டோ நான்கோ எழுத்து கூடும், அவ்வளவுதான்.

தமிழில் இன்னொரு சிக்கல் இருக்கிறது, செய்தி நிறுவனங்களிடமிருந்து ஆங்கிலத்தில் வரும் படக்குறிப்புகளை மொழிபெயர்க்கும்போது அது எழும். இறந்தவரைத் தமிழில் எழுத வினைமுற்றில் திணையைத் தேர்ந்தாக வேண்டும். ‘சடலம் கிடக்கிறது’ என்றால் அஃறிணை. ‘இறந்து கிடக்கிறார்’ என்றால் உயர்திணை. பொலிஸ் அறிக்கைக்குச் சடலம் சரி. வீட்டாருக்கு அது பூதவுடல். நாளிதழுக்கு நடுவிலுள்ள ‘உடல்’ போதும், கூடவே ஆள் இருக்க வேண்டும்: ‘11 சடலங்கள்’ என்று எழுதுவதைவிட ‘இறந்த 11 பேரின் உடல்கள்’. இரண்டே இரண்டு சொல் கூடுகிறது, மனிதர் வாக்கியத்துக்குள் வந்துவிடுகிறார். சிறுபிள்ளைகளுக்கு ‘கிடக்கிறாள்’ என்றா ‘கிடக்கிறார்’ என்றா எழுதுவது என்று ஒரு முறை எங்கள் அறையில் சண்டையே வந்தது. உயிரோடு இருக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு எதை எழுதுவோமோ அதை எழுதுங்கள் என்று மூத்த உதவி ஆசிரியர் ஒருவர் முடித்துவைத்தார்.

உறவுமுறை மிகவும் ஏமாற்றும். அழும் பெண்ணைக் கண்டால் கை தானாகவே ‘கதறும் தாய்’ என்று எழுதிவிடும். கடலூர்ப் படத்தின் குறிப்பு என்ன சொன்னது தெரியுமா? சுனாமியில் இறந்த உறவினருக்காக ஒரு பெண் துயருறுகிறார் என்பதே. உறவினர். உறுதியாகத் தெரிந்தது அவ்வளவு, எழுதியதும் அவ்வளவு. படம் அதனால் ஒரு துளியும் குறையவில்லை. பங்களாதேஷில் 2013இல் ரானா பிளாசா இடிந்தபோது இடிபாட்டுக்குள் ஒருவரையொருவர் தழுவியபடி இறந்த இருவரைத் தஸ்லிமா அக்தர் படம் எடுத்தார். கணவன் மனைவி, காதலர், அண்ணன் தங்கை என்று எத்தனையோ பேர் எழுதினார்கள். அவர்கள் யார் என்று எடுத்தவருக்கே தெரியாது.

எண்கள் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஏனெனில் விதி எளிது: நேரமும் சொன்னவரும் இல்லாமல் எண் எழுதக் கூடாது. உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலில் இறந்தவர்கள் 359 என்று வந்த கணக்கைச் சுகாதார அமைச்சு 2019 ஏப்ரல் 25 அன்று 253 ஆகக் குறைத்தது. சிதறிய உடல்களை எண்ணியதில் வந்த பிழை. “359 பேர்” என்று மட்டும் எழுதிய குறிப்புகள் இன்றும் பழைய பக்கங்களில் அப்படியே நிற்கின்றன. ‘புதன் இரவு 9 மணி வரை’ என்று ஒரு சொற்றொடர் இருந்திருந்தால் அவை தவறாகியிருக்காது, பழையவை மட்டுமே ஆகியிருக்கும்.

நிறுவனங்களிடமிருந்து வரும் குறிப்பின் தலையில், இறப்பு அல்லது காயத்தின் காட்சி என்று பதிப்பாசிரியர்களை எச்சரிக்கும் ஒரு வரி ஆங்கிலப் பெரிய எழுத்தில் இருக்கும். அது நமக்கு, வாசகருக்கு அல்ல. அவசரத்தில் அதையும் மொழிபெயர்த்து அச்சேற்றிய பக்கம் ஒன்றை நான் பார்த்திருக்கிறேன். அச்சில் எச்சரிக்கை பயனற்றது, கண் படத்தைப் பார்த்த பிறகுதான் எழுத்துக்கு வரும். இணையத்தில் எச்சரிக்கைத் திரை போடலாம், தொட்டால்தான் படம் திறக்கும்படி செய்யலாம். ஆனால் அந்தக் கட்டுரையின் இணைப்பை யாராவது பேஸ்புக்கிலோ வாட்ஸ்அப்பிலோ போட்டவுடன் முன்தோற்றமாக ஒரு படம் தானாக வரும். அதைத் தீர்மானிப்பது பக்கத்தின் தலைப்பகுதியிலுள்ள இந்த வரி:

```
<meta property="og:image" content="...">
```

பல தளங்களில் கட்டுரையின் முதற்படமே இதற்குள் போய்விடும். திரை போட்டு மூடிய படம் திரையில்லாமல் ஆயிரம் குழுக்களில் வலம் வரும். அங்கே வேறு படத்தைக் கையால் வைக்க வேண்டும், வைத்ததைத் தனக்கே வாட்ஸ்அப்பில் அனுப்பிப் பார்க்க வேண்டும். குழுவுக்குள் போன படத்தோடு குறிப்பு போகாது என்பதையும் நினைவில் வைத்தே எழுத வேண்டியிருக்கிறது. அடுத்த ஆண்டு வேறொரு மண்சரிவில் இதே படம் புதிதாக வந்து சேரும். அதனால் இடமும் திகதியும் படத்தின் மேலேயே சிறு எழுத்தில் பதிக்க வேண்டும் என்று நான் கேட்டு வருகிறேன். வடிவமைப்பாளருக்குப் பிடிக்கவில்லை. கவிதை கெட்டுவிடுமாம்.

அந்த இளைஞர் வந்துபோன நாளின் இரவு, மூன்றாம் படத்தைப் போட முடிவு செய்தோம். பாடசாலை மண்டபம், வெள்ளைத் துணிகள், ஓரத்து முதியவர். இறந்தவர் எவரையும் அதில் எவரும் அறிய முடியாது. துணி எல்லாருக்கும் ஒன்று. எத்தனை பேர் என்பது கண்ணுக்குத் தெரிகிறது. காதும் காலும் வெளியே தெரிகிறதா என்று படத்தை இருநூறு வீதம் பெரிதாக்கிப் பார்த்தோம். இரண்டாம் வரிசையில் ஒரு கால் தெரிந்தது, மெட்டியோடு. அந்தப் பக்கத்தை வெட்டினோம். நான்கு பத்தியிலிருந்து மூன்றுக்குக் குறைத்து, மடிப்புக்குக் கீழே இறக்கினோம். மேலே நான்காம் படம், கையால் மண் அள்ளுபவர்கள். குறிப்பு இப்படிப் போனது:

“மண்சரிவில் இறந்தவர்களின் உடல்கள் தோட்டப் பாடசாலை மண்டபத்தில் அடையாளம் காண்பதற்காக வைக்கப்பட்டுள்ளன. புதன்கிழமை மாலை 4 மணிக்கு எடுத்த படம். அதுவரை 11 பேரின் உடல்கள் மீட்கப்பட்டதாக மாவட்டச் செயலகம் தெரிவித்தது. காணாமற்போனோரின் பட்டியல் முழுமையடையவில்லை. குடும்பத்தினருக்கு அறிவிக்கப்படும்வரை பெயர்களை வெளியிடவில்லை.”

அந்த முதியவர் பாக்கி. படத்தில் முகம் தெளிவாகத் தெரிவது அவர் ஒருவருக்குத்தான். இறந்தவர்களைப் பற்றி இரண்டு நாள் யோசித்த நாங்கள் உயிரோடு இருப்பவரைப் பற்றி யோசிக்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. படப்பிடிப்பாளரை அழைத்தோம். அவர் கிராம உத்தியோகத்தரை அழைத்து, அவர் மூலம் முதியவரிடம் தொலைபேசியைக் கொடுக்கச் செய்தார். பத்திரிகையில் உங்கள் படம் வரலாமா என்று கேட்டேன்.

“கொழும்பில் பார்ப்பார்களா?” என்றார்.

“பார்ப்பார்கள் ஐயா.”

“அப்படியானால் போடுங்கள். மகன் அங்கேதான் எங்கேயோ கடையில் இருக்கிறான். மூன்று மாதமாகப் பேசவில்லை. நான் இருக்கிறேன் என்று தெரியட்டும்.” பிறகு தன் பெயரை இரண்டு முறை சொன்னார், முதலெழுத்தை விட்டுவிடக் கூடாது என்றார். குறிப்பின் கடைசியில் ஒரு வரி சேர்த்தோம், முதலெழுத்தோடு.